தமிழில் எழுதிய உயில் கடல் தாண்டும்போது

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு பேசுவோம். கும்பகோணத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். ஊரில் சொந்த வீடு, பக்கத்துக் கிராமத்தில் 6 மா நஞ்சை, வங்கி லாக்கரில் 40 பவுன் நகை. மகன் சென்னையில் இருக்கிறார். மகள் அமெரிக்காவில், புளோரிடா மாநிலத்தில். மகள் வீட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்த காலத்தில் அங்கே ஒரு வங்கியில் தன் பெயரில் மட்டும் கணக்கு தொடங்கினார். இன்று அதில் 48,000 டாலர் இருக்கிறது. எழுபதைத் தாண்டியதும் உயில் எழுத நினைக்கிறார். உடனே போனில் ஒரு யோசனை வருகிறது: "அப்பா, இங்கிலீஷ்லயே எழுதிடுங்க. தமிழ்ல எழுதினா இங்க செல்லாது."

மகள் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார். ஆனால் சொன்னது சரியில்லை.

1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் உயிலுக்கு மொழி எதையும் விதிக்கவில்லை. சட்டச் சொற்கள் எதுவும் வேண்டியதில்லை, எழுதியவரின் எண்ணம் தெரியும்படி இருந்தால் போதும் என்று அதன் 74-ஆம் பிரிவு சொல்கிறது. முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். பதிவு செய்வதும் அவரவர் விருப்பம். கட்டாயம் என்று சட்டம் கேட்பது 63-ஆம் பிரிவில் இருப்பதை மட்டும்தான்: எழுதியவர் கையெழுத்தோ ரேகையோ வைக்க வேண்டும், குறைந்தது இரண்டு சாட்சிகள் அதைப் பார்த்து, அவர் முன்னிலையில் தாங்களும் கையெழுத்திட வேண்டும். தமிழில் இருந்தாலும் தெலுங்கில் இருந்தாலும் மலையாளத்தில் இருந்தாலும் விதி ஒன்றுதான். முஸ்லிம்களின் உயிலுக்கு மட்டும் அவர்களுடைய தனிச்சட்டம் பொருந்தும், அது வேறு கதை.

இப்படி எழுதிய உயிலை வெளிநாடு ஏற்குமா? பெரும்பாலும் ஏற்கும். எங்கே எழுதப்பட்டதோ அந்த இடத்துச் சட்டப்படி முறையாக எழுதியிருந்தால் இங்கேயும் முறையானதே என்பது பல நாடுகள் ஒப்புக்கொண்ட கொள்கை. இங்கிலாந்தில் 1963-ஆம் ஆண்டின் உயில் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. புளோரிடாவும் வெளியூர்க்காரர் உயிலை இதே அடிப்படையில் ஏற்கிறது. சாட்சியே இல்லாமல் கைப்பட எழுதியதையும் வாய்மொழி உயிலையும்தான் அது தள்ளிவிடுகிறது. வேற்று மொழி உயிலுக்கென்று புளோரிடா சட்டத்தில் 733.204 என்று தனிப் பிரிவே இருக்கிறது. உண்மையான, முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பு கூட வந்தால்தான் அந்த உயிலை நீதிமன்றம் ஏற்கும் என்கிறது அது. ஆக, அவர்கள் கேட்பது ஆங்கில உயில் அல்ல, ஆங்கில மொழிபெயர்ப்பு.

எனக்குக் கேட்டால், ஆங்கிலம் சரளமாகத் தெரியாத ஒருவர் ஆங்கிலத்தில் உயில் எழுதுவதுதான் ஆபத்து. உயிலைச் சுற்றிச் சந்தேகத்துக்கு இடமான சூழ்நிலை இருந்தால், அதை நீதிமன்றத்துக்குக் கொண்டுவருபவர்தான் அந்தச் சந்தேகத்தைப் போக்க வேண்டும் என்று 1958-இலேயே உச்ச நீதிமன்றம் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் சொல்லிவிட்டது. தமிழ் மட்டுமே தெரிந்த பெரியவர், வெளிநாட்டு மகள் ஏற்பாடு செய்த வக்கீல் எழுதிய ஆங்கில உயிலில் கையெழுத்திட்டார், அதில் மகளுக்கே பெரும்பங்கு என்றால், மகன் தரப்பு வக்கீலுக்கு அதைவிட நல்ல விருந்து வேறு வேண்டாம். 'படித்துப் புரிந்துகொண்டுதான் கையெழுத்திட்டார்' என்று யார் நிரூபிப்பது? தன் மொழியில் எழுதி, தானே படித்துப் பார்த்துக் கையெழுத்திட்ட உயிலுக்கு இந்தத் தலைவலி இல்லை.

அப்படியானால் சிக்கல் எங்கே வருகிறது? நம் பத்திர நடையில்.

தமிழ்நாட்டில் உயில் பெரும்பாலும் சார் பதிவாளர் அலுவலக வாசலில், ஆவண எழுத்தரிடம் உருவாகிறது. தலைமுறைகளாகக் கைமாறி வந்த வாக்கியங்கள் அவரிடம் இருக்கின்றன. நம் ஆசிரியருக்கும் அவர் இப்படி எழுதித் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம்: "மேற்படி வீட்டை என் மனைவி தன் ஆயுள் பரியந்தம் ஆண்டனுபவித்து வரவும், அவள் காலத்துக்குப் பிறகு என் பிள்ளைகள் புத்திர பௌத்திர பாரம்பரியமாய் சர்வ சுதந்திர பாத்தியத்துடன் அடைந்துகொள்ளவும் வேண்டியது. 40 பவுன் நகைகளை என் மகள் அடைய வேண்டியது. 6 மா நஞ்சையை என் மகன் அடைய வேண்டியது. இந்த உயிலை என் தம்பி நிறைவேற்றிவைக்க வேண்டியது. இதற்கு முன் எழுதிய உயில்கள் ஏதேனும் இருந்தால் அவை செல்லாது."

ஊரில் இதைப் படிக்கும் எவருக்கும் குழப்பம் இல்லை. இது ஆங்கிலமாகி, கும்பகோணத்தைக் கேள்விப்பட்டே இராத ஒரு நீதிபதியின் மேசைக்குப் போகும்போது என்ன ஆகும் என்று வரிவரியாகப் பார்ப்போம்.

மனைவிக்குக் கொடுத்தது ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமை மட்டும். விற்கும் உரிமை இல்லை. இது ஆங்கிலச் சட்டத்துக்குப் பழக்கமான ஏற்பாடுதான், அதற்கென்று நிலைத்த சொல்லும் உண்டு. ஆனால் 'ஆண்டு' என்ற சொல்லை உரிமையாளராக ஆளுவது என்று மொழிபெயர்ப்பாளர் அழுத்திவிட்டால், மனைவிக்கே வீடு முழுதாகக் கொடுத்ததுபோல் தொனிக்கும். பிறகு பிள்ளைகளுக்குக் கொடுத்தது எப்படி என்று கேள்வி வரும்.

அடுத்தது 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய்'. சொல்லுக்குச் சொல் போட்டால் மகன், பேரன் வழியாக என்று ஆகும். ஆண் வாரிசுகளுக்கு மட்டும் போகும் சொத்தோ, தலைமுறைதோறும் விற்க முடியாமல் கட்டிவைத்த சொத்தோ என்று வெளிநாட்டார் நினைக்க அது போதும். உண்மையில் இது முழு உரிமையைக் குறிக்கும் வழக்குச் சொல். இதற்கு இணையான வங்காளிச் சொற்றொடரை முன்வைத்த ஒரு வழக்கில், அது முழுமையான, வாரிசுகளுக்கு இறங்கும் உரிமையையே தருகிறது, பெண் வாரிசுகளையும் அது விலக்கவில்லை என்று லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1881-இல் தீர்த்துச் சொன்னது. அந்தத் தீர்ப்பு இங்கே சட்டம் படித்தவர்களுக்குத் தெரியும். புளோரிடா நீதிபதிக்கு யாராவது எடுத்துச் சொன்னால்தான் தெரியும், அப்படிச் சொல்ல இந்தியச் சட்டம் அறிந்த ஒருவரின் பிரமாணப் பத்திரம் வேண்டும், அதற்குக் கட்டணம் டாலரில். இந்தச் சொற்றொடரை எழுதாமல், "இருவரும் சரிபாதியாக முழு உரிமையுடன், விற்கவும் அடமானம் வைக்கவும் உரிமையுடன் அடைய வேண்டும்" என்று எழுதியிருந்தால் செலவே இல்லை.

'பிள்ளைகள்' என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். சில குடும்பங்களில் அது மகன்களை மட்டும் குறிக்கும், சிலவற்றில் எல்லாக் குழந்தைகளையும். மகன் பெயரையும் மகள் பெயரையும் எழுதிவிட்டால் யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை.

பவுன் விஷயம் சிரிப்பும் வரவழைக்கும், வயிற்றையும் கலக்கும். 40 பவுன் என்றால் 320 கிராம். அவசரக்கார மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கில எடைப் பவுண்டாகப் போட்டால் 18 கிலோ தங்கம் ஆகிவிடும். 'எஞ்சிய பதினேழே முக்கால் கிலோ எங்கே?' என்ற கேள்வி எந்தக் குடும்பத்திலும் நல்லதாக முடியாது. நஞ்சைக்கும் அப்படித்தான். டெல்டாவில் ஒரு மா என்பது 100 குழி, ஏறத்தாழ 33 சென்ட். 6 மா கிட்டத்தட்ட 2 ஏக்கர். நாகப்பட்டினம் தாண்டிய கடலுக்கு அப்பால் மா என்றால் யாருக்கும் புரியாது. உயிலிலேயே கிராமும் ஏக்கரும் எழுதி, புல எண்ணையும் பட்டா எண்ணையும் சேர்த்துவிட வேண்டும். எண்கள் எந்த மொழியிலும் அப்படியே இறங்கும்.

'என் தம்பி' யார்? கூடப் பிறந்தவரா, சித்தப்பா மகனா? நமக்கு இருவரும் தம்பிதான். ஆங்கிலத்தில் இருவரும் வேறு. இறப்புச் சான்றிதழோடும் குடும்ப விவரத்தோடும் ஒப்பிடும்போது, உயிலில் சொன்ன 'சகோதரர்' எந்தச் சான்றிலும் சகோதரராக இல்லாவிட்டால் விளக்கம் கேட்பார்கள். வளர்ப்பு மகன், வளர்ப்பு மகள் என்று எழுதுபவர்கள் இன்னும் ஒரு படி யோசிக்க வேண்டும். முறைப்படி சுவீகாரம் எடுத்தவரா, அன்பால் வளர்த்தவரா என்பது சட்டத்தில் பெரிய வித்தியாசம். உறவைச் சொல்லும் இடத்திலெல்லாம் பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, ஊர் ஆகியவற்றையும் சேர்ப்பது நல்லது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்குப் பாஸ்போர்ட்டில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டலையும் தமிழ்ப் பெயருக்குப் பக்கத்தில் ரோமன் எழுத்தில் அப்படியே எழுதிவிட வேண்டும். கணேசன் என்பதை மொழிபெயர்ப்பாளர் எந்த எழுத்தில் தொடங்குவார் என்று அவர் கையில் விட்டால், வங்கிக் கணக்கில் இருக்கும் பெயரும் உயிலில் இருக்கும் பெயரும் வேறுவேறு ஆளாகிவிடும். இனிஷியலை விரித்து எழுதாத உயில்கள் இந்த இடத்தில்தான் அதிகம் மாட்டிக்கொள்கின்றன.

கடைசியாக ஒன்று. இந்த உயிலில் புளோரிடா வங்கிக் கணக்கு எங்கே? எங்கும் இல்லை. வீடு, நிலம், நகை மூன்றையும் பெயர் சொல்லி எழுதிய ஆவண எழுத்தர், 'இதில் சொல்லாமல் விட்டுப்போனதும், உலகில் எங்கிருந்தாலும் எனக்குச் சொந்தமானதுமான மற்ற எல்லாச் சொத்துகளும் இன்னாருக்கு' என்ற ஒரு வாக்கியத்தை எழுதவில்லை. எவ்வளவு அழகாக மொழிபெயர்த்தாலும் 48,000 டாலர் அந்த உயிலுக்கு வெளியேதான் நிற்கும். உயிலே இல்லாமல் இறந்தவரின் பணம்போல வாரிசுகளுக்குப் பிரியும்.

இனி கையெழுத்து. இந்தியச் சட்டப்படி இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் உடனிருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒருவர் காலையிலும் இன்னொருவர் மாலையிலும் வரலாம். இங்கிலாந்திலும் புளோரிடாவிலும் இருவரும் சேர்ந்து இருக்க வேண்டும். இங்கே எழுதிய உயிலுக்கு நம் விதியே போதும் என்றாலும், கடினமான விதியைப் பின்பற்றிவிட்டால் பிற்பாடு வாதாட எதுவும் இருக்காது. எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து, எழுதியவர் உயிலின் முடிவில் கையெழுத்திட்டு, இரண்டு சாட்சிகளும் அவர் முன்னிலையிலும் ஒருவர் முன் ஒருவரும் கையெழுத்திட்டு முடிப்பது நல்லது. அப்படி நடந்தது என்று சாட்சிகளின் பெயர்களுக்கு மேலே இரண்டு வரி எழுதியும் வைக்க வேண்டும். நம் உயில்களில் பெரும்பாலும் 'சாட்சிகள்' என்ற ஒற்றைச் சொல்லுக்குக் கீழே இரண்டு கையெழுத்து மட்டும் இருக்கும். மொழிபெயர்ப்பைப் படிப்பவருக்கு அந்த இருவரும் என்ன பார்த்தார்கள் என்றே தெரியாது. சொத்து பெறுபவரும் அவருடைய கணவன் மனைவியும் சாட்சியாக வேண்டாம். இங்கிலாந்துச் சட்டத்தில் அப்படிச் சாட்சி போட்டவரின் பங்கு பறிபோகும்.

தமிழ் உயிலோடு ஆங்கிலத்திலும் ஒன்று தயாரித்து இரண்டிலும் கையெழுத்திட்டுவிடலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். இரண்டிலும் சாட்சியோடு கையெழுத்திட்டால் இரண்டு உயில் ஆகிவிடும். எங்காவது ஒரு சொல் மாறினால் எது செல்லும் என்று வழக்கு வரும். இரண்டிலும் 'இதற்கு முன் எழுதியவை செல்லாது' என்று இருந்தால் இன்னும் மோசம். உயில் ஒன்றே, அது தமிழில். ஆங்கிலத்தில் இருப்பது வெறும் மொழிபெயர்ப்பு. அதில் எழுதியவர் கையெழுத்திடக் கூடாது, மொழிபெயர்ப்பாளர்தான் கையெழுத்திட வேண்டும்.

அந்த மொழிபெயர்ப்பை உயில் எழுதியவர் உயிரோடு இருக்கும்போதே செய்துவிடுவது என் உறுதியான யோசனை. சட்டம் இதைக் கேட்கவில்லை. ஆனால் 'ஐயா, இந்த இடத்தில் தம்பி என்பது யார்?' என்று கேட்க, பதில் சொல்ல ஆள் இருக்கும் காலம் அதுதான். நல்ல மொழிபெயர்ப்பாளர் கேட்கும் கேள்விகளே உயிலில் எங்கே ஓட்டை என்று காட்டிக்கொடுக்கும். வரைவு நிலையிலேயே மொழிபெயர்க்கக் கொடுத்து, வந்த கேள்விகளுக்கு ஏற்பத் தமிழைத் திருத்தி, அதன்பின் கையெழுத்திட்டால் இன்னும் நல்லது.

இறந்தபின் மொழிபெயர்ப்பவருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. மூலத்தில் குழப்பம் இருந்தால் அதை அவர் தீர்த்துவைக்கக் கூடாது. 'பிள்ளைகள்' என்பது இரண்டு பொருள் தரும் என்றால், தமிழ்ச் சொல்லின் ஒலியையும் எழுதி, இரண்டு பொருளையும் குறிப்பாகத் தர வேண்டும். பொருள் எது என்று முடிவு செய்வது நீதிமன்றத்தின் வேலை. அடித்துத் திருத்திய இடங்களையும் மறைக்காமல் 'இங்கே ஒரு சொல் அடிக்கப்பட்டிருக்கிறது' என்று எழுத வேண்டும், ஏனென்றால் கையெழுத்துக்குப் பிறகு செய்த திருத்தம் சாட்சியோடு மறுபடி கையெழுத்தாகாவிட்டால் செல்லாது. சார் பதிவாளரின் முத்திரை, ஆவண எண், பக்க எண், ஓரக் குறிப்பு, படிக்க முடியாத கறை எல்லாம் மொழிபெயர்ப்பில் வர வேண்டும். 'முழுமையான மொழிபெயர்ப்பு' என்று கேட்கும் நீதிமன்றத்துக்கு, சொத்து விவரப் பட்டியலை விட்டுவிட்டு எழுதிய மூன்று பக்கம் போதாது.

யார் மொழிபெயர்ப்பது? இது நாட்டுக்கு நாடு மாறுகிறது. நம் சட்டத்தின் 277-ஆம் பிரிவு இதற்கு ஒரு வழி சொல்கிறது. உயில் ஆங்கிலத்திலோ அந்த நீதிமன்றத்தின் வழக்கமான மொழியிலோ இல்லாவிட்டால், மனுவோடு மொழிபெயர்ப்பு வைக்க வேண்டும். அந்த மொழிக்கு நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் இருந்தால் அவரே செய்ய வேண்டும். இல்லாவிட்டால் தகுதியுள்ள எவரும் செய்து, மூலத்தின் மொழியையும் எழுத்தையும் நன்கு படித்துப் புரிந்துகொள்பவன் நான், இது உண்மையான, துல்லியமான மொழிபெயர்ப்பு என்று உறுதிமொழி எழுத வேண்டும். கும்பகோணத்துக்காரர் தஞ்சாவூர்ப் பக்கத்து நீதிமன்றத்தில் தமிழிலேயே நடத்திவிடலாம். ஆங்கிலத்தில் நடக்கும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனால் மொழிபெயர்ப்பு கட்டாயம். அங்கே நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் செய்த பிரதி கிடைத்தால் வெளிநாட்டுக்கும் அதுவே பலமான துணை.

இங்கிலாந்தில் அரசு உரிமம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் என்று ஓர் இனம் கிடையாது. மொழிபெயர்ப்பாளர் தன் முழுப் பெயர், தொடர்பு விவரம், தேதி ஆகியவற்றோடு 'மூல ஆவணத்தின் உண்மையான, துல்லியமான மொழிபெயர்ப்பு' என்று எழுதித் தர வேண்டும். அமெரிக்காவிலும் கிட்டத்தட்ட இப்படித்தான், கூடவே நோட்டரி முன் கையெழுத்திடச் சொல்வார்கள். அந்த நோட்டரி சான்றளிப்பது கையெழுத்துக்கு மட்டும். மொழிபெயர்ப்பு சரியா என்பது அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று என்றாலும் நீதிமன்றம் ஆங்கிலத்தில் நடக்கிறது. அங்கே நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரின் சான்றோ, தகுதியுள்ளவரின் பிரமாணப் பத்திரமோ கேட்பார்கள். பிரான்ஸும் ஜெர்மனியும் வேறு வழி: அந்நாட்டு நீதிமன்றத்தின் முன் பிரமாணம் எடுத்த மொழிபெயர்ப்பாளரைத்தான் அங்கே நம்புவார்கள். இந்தியாவில் காசு கொடுத்துச் செய்த மொழிபெயர்ப்பு அங்கே மறுபடி செய்ய வேண்டிவரலாம். இலங்கையில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் என்ற முறை உண்டு. ஆனால் அங்கே உயிலின் விதியே வேறு: 1840-ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும், இல்லையென்றால் ஐந்து சாட்சிகள் வேண்டும். யாழ்ப்பாணத்தில் இரண்டு சாட்சியோடு எழுதிய வெறும் கடதாசி அங்கே உயில் ஆகாது.

எங்கே ஆனாலும் ஒன்று பொது. சொத்து பெறுபவர் மொழிபெயர்க்கக் கூடாது. மகளுக்கு இரண்டு மொழியும் தெரியும், செலவும் மிச்சம் என்று அவரே செய்தால், அந்த மொழிபெயர்ப்பின் ஒவ்வொரு சொல்லையும் எதிர்த்தரப்பு சந்தேகத்தோடுதான் படிக்கும்.

இனி நம் ஆசிரியர் காலமான பிறகு என்ன நடக்கும் என்று பார்ப்போம். உயிலைப் பதிவு செய்திருந்தால் அது சார் பதிவாளர் அலுவலகத்தில் உயில்களுக்கான 3-ஆம் புத்தகத்தில் நகலாக இருக்கும். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவரையும் அவருடைய முகவரையும் தவிர வேறு யாருக்கும் நகல் தர மாட்டார்கள். இறந்தபின் விண்ணப்பிக்கும் எவருக்கும் சான்றிட்ட நகல் கிடைக்கும். வெளிநாட்டில் சொத்து இருப்பவர்களுக்குப் பதிவை நான் வலியுறுத்துவது இதற்காகத்தான். மூல உயில் ஒன்றே ஒன்று; அது இந்திய நீதிமன்றத்தில் தாக்கலாகி ப்ரொபேட் வந்தால் அங்கேயே தங்கிவிடும். வெளிநாட்டுக்கு அனுப்பச் சான்றிட்ட நகல்தான் இருக்கும்.

அந்த நகலின் முத்திரையும் கையெழுத்தும் உண்மையானவை என்று புளோரிடாவுக்குக் காட்டுவது அப்போஸ்டில் சான்று. இந்தியா 2005 முதல் அந்த உடன்படிக்கையில் இருக்கிறது. மாநில அரசின் உரிய துறை சான்றளித்தபின் வெளியுறவு அமைச்சகம் அப்போஸ்டில் ஒட்டித் தரும். இது உயில் செல்லும் என்றோ மொழிபெயர்ப்பு சரி என்றோ சொல்லும் சான்று அல்ல. கையெழுத்திட்ட அதிகாரி அந்தப் பதவியில் இருப்பவர் என்பதற்கு மட்டும்தான். 'அப்போஸ்டில் ஆயிற்று, இனி கவலையில்லை' என்று சொல்லும் ஏஜென்ட்டுகளை நம்பிவிட வேண்டாம்.

மகள் இப்போது புளோரிடா நீதிமன்றத்தில் அங்குள்ள சொத்துக்கு மட்டும் துணை நிர்வாகம் கேட்டு மனுப்போடுகிறார். உயிலின் சான்றிட்ட நகல், மொழிபெயர்ப்பு, இறப்புச் சான்று எல்லாம் போகின்றன. எது சரியான ஆங்கிலப் பொருள் என்று நீதிமன்றம் நிலைநாட்டுகிறது. இங்கே அந்த 733.204-ஆம் பிரிவில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது: நீதிமன்றம் நிலைநாட்டிய மொழிபெயர்ப்பை நல்லெண்ணத்தோடு பின்பற்றிச் சொத்தைப் பிரித்துக்கொடுத்த நிர்வாகி, பிற்பாடு அது தப்பு என்று தெரிந்தாலும் பொறுப்பாளி ஆக மாட்டார். ஆனால் நிர்வாகம் நடந்துகொண்டிருக்கும்வரை, மொழிபெயர்ப்பை மறுபடி பார்க்க வேண்டும் என்று அக்கறையுள்ள எவரும் கேட்கலாம். சென்னையில் இருக்கும் மகனும் கேட்கலாம்.

நிறைவேற்றுபவர் யார் என்பதிலும் புளோரிடாவுக்கு ஒரு விதி. அந்த மாநிலத்தில் வசிக்காத ஒருவர் நிர்வாகியாக வேண்டுமென்றால் இறந்தவரின் நெருங்கிய உறவாக இருக்க வேண்டும். உயிலில் தன் பால்ய நண்பரை ஆசிரியர் நியமித்திருந்தால், கும்பகோணத்துச் சொத்துக்கு அவர் போதும், புளோரிடாவுக்கு ஆக மாட்டார். 'இந்தியச் சொத்துக்கு இன்னார், அமெரிக்கச் சொத்துக்கு என் மகள்' என்று இரண்டு பேரை உயிலிலேயே நியமித்துவிடலாம்.

உண்மையைச் சொன்னால், ஒரே ஒரு வங்கிக் கணக்குக்காக இவ்வளவு தூரம் போக வேண்டியதே இல்லை. அமெரிக்க வங்கிகளில் இறந்தபின் பணம் யாருக்கு என்று ஒரு படிவத்தில் எழுதித் தரும் ஏற்பாடு உண்டு. அதில் மகள் பெயரைப் போட்டிருந்தால் இறப்புச் சான்றோடு போய் அவர் பணத்தை வாங்கியிருப்பார். உயிலும் மொழிபெயர்ப்பும் அந்தப் பணத்துக்கு வேண்டியிருக்காது. நம்மூர் வங்கியில் நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டும், உரிமையாளர் அல்ல. அங்கே அப்படிப் பெயர் குறிக்கப்பட்டவர் உரிமையாளரே ஆகிறார். இந்த வித்தியாசம் தெரியாமல், மகளின் பெயரைக் கணக்கிலும் மகனின் பெயரை உயிலிலும் எழுதிவைப்பவர்கள் இருக்கிறார்கள்.

வீடு, அடுக்ககம் என்று அசையாச் சொத்தே வெளிநாட்டில் இருந்தால் கதை வேறு. அதற்கு அந்த நாட்டுச் சட்டம்தான். பிரான்ஸ் போன்ற நாடுகளில் பிள்ளைகளுக்கு ஒரு பங்கைக் கட்டாயமாகக் கொடுத்தே ஆக வேண்டும். அப்படிப்பட்ட சொத்துக்கு அந்த நாட்டு வக்கீலை வைத்து அந்த நாட்டு மொழியில் தனி உயில் எழுதுவதே மேல். அப்போது தமிழ் உயிலின் கடைசி வரி பெரிய வெடியாகிவிடும்: 'இதற்கு முன் எழுதிய உயில்கள் ஏதேனும் இருந்தால் அவை செல்லாது.' லண்டன் வீட்டுக்குப் போன வருஷம் ஆங்கிலத்தில் எழுதிய உயிலை, இந்த வருஷம் கும்பகோணத்தில் பழக்கத்தால் எழுதிய இந்த ஒரு வரி ரத்து செய்துவிடும். ஆவண எழுத்தருக்கு லண்டன் உயில் இருப்பதே தெரியாது, அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. 'இந்தியாவிலுள்ள என் சொத்துகளைப் பற்றி இதற்கு முன் எழுதியவை மட்டும் செல்லாது. இங்கிலாந்திலுள்ள சொத்துக்கு இன்ன தேதியில் எழுதிய உயில் தொடர்ந்து செல்லும்' என்று எழுதச் சொல்வது நம் பொறுப்பு. லண்டன் வக்கீலிடமும் இதையே மாற்றிச் சொல்ல வேண்டும்.

ஏற்கெனவே உயில் எழுதி பீரோவில் வைத்திருப்பவர்கள் அதை ஒருமுறை எடுத்துப் படித்துப் பாருங்கள். குறை தெரிந்தால் பேனாவை எடுத்து அதன்மேல் அடித்துத் திருத்தாதீர்கள். அந்தத் திருத்தம் செல்லாததோடு, வெளிநாட்டு நீதிமன்றத்தில் முழு உயிலையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும். சின்னத் திருத்தம் என்றால் பிற்சேர்க்கை உயில் ஒன்றை அதே முறையில், இரண்டு சாட்சிகளோடு எழுதுங்கள். இரண்டு மூன்று இடத்துக்கு மேல் மாற வேண்டுமென்றால் புதிதாகவே எழுதிவிடுங்கள். முத்திரைத்தாள் செலவுகூடக் கிடையாது.